தப்பு யாருடையது என்று சொல்லாத பதில்

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் உட்காரலாம். ஞாயிறு ராத்திரி என்றால் வாசலில் கூட்டம் நிற்கும். திங்கள் காலை பத்து மணிக்கு முதலாளி கைப்பேசியை எடுக்கிறார். கூகுள் வரைபடத்தில் அவர் கடைப் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரத்தோடு இப்படி எழுதியிருக்கிறது:

"ஞாயித்துக்கிழமை ராத்திரி குடும்பத்தோட போனோம். உட்கார்ந்து 50 நிமிஷம் கழிச்சுத்தான் பிரியாணி வந்துச்சு. அதுவும் ஆறிப்போய், ஒரு மாதிரி புளிச்ச வாடை. சப்ளையர்கிட்ட சொன்னா, 'எல்லாரும் இதைத்தானே சாப்பிடுறாங்க'ங்கிறார். வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்துல என் பையனுக்கு வாந்தி. பழைய பிரியாணியைச் சூடு பண்ணிப் போடுறாங்க. காசு பிடுங்குற கடை. யாரும் போகாதீங்க."

கடையும் இந்த விமர்சனமும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் சிறிய ஊர்களிலும் பெரிய ஊர்களிலும் உணவகம் நடத்தும் எவரும் இதில் ஏதாவது ஒரு வரியையாவது தம் கடையின் பெயருக்குக் கீழே படித்திருப்பார்கள். படித்ததும் உடம்பு சூடாகும். இரண்டு வகையான பதில்கள் விரல் நுனிக்கு வந்து நிற்கும். ஒன்று, "எங்கள் கடையில் இருபது வருஷமாக யாரும் இப்படிச் சொன்னதில்லை, நீங்கள் போட்டிக் கடைக்காரர் அனுப்பிய ஆள்." இன்னொன்று, "மன்னித்துவிடுங்கள், எங்கள் தவறுதான், இனி இப்படி நடக்காது." முதலாவது சண்டை. இரண்டாவது, இன்னும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் ஒப்புக்கொள்வது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல், என்ன செய்து தருகிறோம் என்பதை மட்டும் சொல்லும் பதில். அதை நன்றாக எழுதுவது கடினம். மோசமாக எழுதினால் சண்டை போட்டதைவிடக் கூடுதலாக எரிச்சல் மூட்டும்.

முதலில் இந்தப் பதில் யாருக்கு எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விமர்சனத்துக்குக் கீழே உரிமையாளரின் பதில் என்ற தலைப்போடு அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எழுதிய வாடிக்கையாளருக்குப் பதில் வந்திருப்பதாக அறிவிப்பும் போகும். அவர் விரும்பினால் தம் விமர்சனத்தைத் திருத்தலாம், நட்சத்திரத்தைக் கூட்டலாம், முழுவதையும் நீக்கலாம். ஆனால் கடைக்காரர் அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்ப அங்கே வழியில்லை. தம் பதிலில் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்து அவரை அழைக்கத்தான் முடியும். ஆக, பதிலைப் படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அன்று ராத்திரி எங்கே சாப்பிடலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் வேறு மனிதர்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று தெரியாது. கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்று மட்டுமே அந்தப் பத்து வரியிலிருந்து முடிவு செய்வார்கள்.

அந்த முடிவுக்குப் பண மதிப்பும் உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் தளத்தில் அவை பெற்ற நட்சத்திரங்களையும் சேர்த்து ஆராய்ந்தார். 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. பெரிய சங்கிலிக் கடைகளில் இந்த விளைவு இல்லை, தனிக் கடைகளில்தான். பெயர் ஏற்கெனவே தெரிந்த கடைக்குப் போகிறவர் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, தெரியாத கடைக்குப் போகிறவர் பார்க்கிறார்.

பதில் எழுதுவதால் ஏதாவது மாறுமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிடே ப்ரோசெர்பியோ, ஜார்ஜியோஸ் செர்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ட்ரிப்அட்வைசர் தளத்தில் விடுதிகளைப் பற்றி வந்த விமர்சனங்களை எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் வெளியான அவர்கள் கட்டுரை சொல்வது இது: பதில் எழுதத் தொடங்கிய விடுதிகளின் சராசரி மதிப்பீடு 0.12 நட்சத்திரம் உயர்ந்தது, விமர்சனங்களின் எண்ணிக்கையும் 12 சதவீதம் கூடியது. காரணமாக அவர்கள் காட்டியது சுவையானது. முதலாளி பதில் சொல்வார் என்று தெரிந்ததும், சும்மா இரண்டு வரியில் திட்டிவிட்டுப் போகும் குறைகள் குறைந்தன. குறை சொல்கிறவர்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும், சொன்னவர்கள் நீளமாக, விவரமாகச் சொன்னார்கள். விடுதிகளின் கணக்கை உணவகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், யாரோ நின்று கேட்கிறார் என்று தெரிந்தால் மனிதர்கள் பேசும் விதம் மாறுகிறது என்பது எந்தக் கடைக்கும் பொருந்தக்கூடியது.

இனி நம் பிரியாணிக் கடைக்கு வருவோம். எழுதுவதற்கு முன் முதலாளி செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்த விமர்சனத்தைக் கூறு போடுவது. கோபத்தில் ஒரே மூச்சில் எழுதப்பட்ட விஷயம் என்றாலும், உள்ளே இருப்பவை வெவ்வேறு வகைக் குற்றச்சாட்டுகள். 50 நிமிடம் காத்திருந்தது ஒரு தகவல். அது கடையின் பதிவேட்டிலேயே இருக்கும். ஆர்டர் எடுத்த நேரம் சமையலறைக்குப் போன சீட்டில் இருக்கிறது, பில் போட்ட நேரம் கல்லாவில் இருக்கிறது, இடையில் என்ன நடந்தது என்று கேமராவைப் பார்த்தால் தெரியும். சப்ளையர் சொன்ன வார்த்தை பாதி தெரியக்கூடியது. அவரைக் கேட்கலாம், ஆனால் அவர் ஒன்று சொல்வார், வாடிக்கையாளர் ஒன்று சொல்வார். புளிச்ச வாடை இனி யாராலும் சோதிக்க முடியாதது. தட்டு கழுவியாகிவிட்டது. தயிரும் எலுமிச்சையும் சேர்த்த பிரியாணியில் புளிப்பு இயல்பாகவே இருக்கும், ஆனால் கெட்டுப்போன புளிப்பு வேறு, அதை அன்று முகர்ந்தவர் அவர்தான். பழைய பிரியாணியைச் சூடு பண்ணிப் போட்டார்கள் என்பது முற்றிலும் வேறு ஜாதிக் குற்றச்சாட்டு. அது கவனக்குறைவைச் சொல்லவில்லை, தெரிந்தே ஏமாற்றினார்கள் என்கிறது.

பையனின் வாந்திதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் பதில் எழுதுவது நேர்மையா என்ற கேள்வியே இங்கேதான் பிறக்கிறது.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி வந்தால் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது மனித இயல்பு. சில சமயம் அது சரி. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உணவில் விட்டுச்செல்லும் நச்சு 30 நிமிடத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். சோற்றை வெகுநேரம் மிதமான சூட்டில் விட்டால் பெருகும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நச்சும் ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். இவற்றின் நச்சு சூட்டைத் தாங்கக்கூடியது. மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே ஒரு மணி நேரத்தில் வாந்தி என்றால் பிரியாணியைச் சந்தேகிக்க இடம் இருக்கிறது. ஆனால் நோரோ வைரஸ் தொற்றினால் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வாந்தி வரும். சால்மோனெல்லாவுக்குச் சில நாள்கள்கூட ஆகலாம். பையனுக்கு வெள்ளிக்கிழமை பள்ளியிலோ சனிக்கிழமை கல்யாண வீட்டிலோ தொற்றியது ஞாயிறு ராத்திரி வெளிப்பட்டிருக்கலாம். முதலாளியால் திங்கள் காலை இதில் எது என்று சொல்லவே முடியாது. அதே தேக்சாவிலிருந்து இன்னும் அறுபது பேர் சாப்பிட்டார்கள், பார்சலும் போயிற்று, வேறு யாரும் குறை சொல்லவில்லை என்பது ஒரு தடயம். நிரூபணம் அல்ல. அடியில் இருந்த சோறு மட்டும் ஆறியிருக்கலாம். குழந்தைக்குத் தாங்கும் சக்தி குறைவு.

தெரியாத நேரத்தில் "எங்கள் தவறு" என்று சொல்வதும் பொய், "எங்கள் தவறு இல்லை" என்று சொல்வதும் பொய். இந்த இடத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாத பதில்தான் உண்மையான பதில். பலர் நினைப்பதுபோல அது நழுவல் இல்லை. ஆனால் இந்த நியாயம் தெரியாதவற்றுக்கு மட்டுமே செல்லும். பதிவேட்டில் 50 நிமிடம் என்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, "தாமதம் ஏற்பட்டதாக நீங்கள் உணர்ந்திருந்தால்" என்று எழுதினால் அது நழுவல்தான். படிப்பவர்கள் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சட்டமும் இதில் நுழைகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 65-ஆவது பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். அங்கே கடைக்காரர் எழுதிய பதில் ஆதாரமாக வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியம், வழக்கில் உள்ள ஒரு விஷயத்தைப் பற்றிய முடிவுக்கு இட்டுச்செல்லும் எந்தக் கூற்றையும், மின்னணு வடிவில் இருந்தாலும், ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறது. ஒப்புதல் மட்டுமே இறுதிச் சான்று ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் "கெட்டுப்போன பிரியாணி கொடுத்துவிட்டோம்" என்று உரிமையாளரே ஊரறிய எழுதிய பிறகு அதை மறுத்துப் பேசும் வக்கீலின் பாடு சிரமம்.

மன்னிப்புக் கேட்பதே ஆபத்தாகிவிடக் கூடாது என்று சில நாடுகள் சட்டம் செய்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2006-இன் இழப்பீட்டுச் சட்டத்தில், மன்னிப்போ, சிகிச்சை தருவதாகச் சொல்வதோ, வேறு பரிகாரமோ மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று ஒரு பிரிவு உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அதே ஆண்டு மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சாட்சிய விதி 407, ஒரு சம்பவத்துக்குப் பிறகு செய்த திருத்தத்தைக் காட்டி முன்பு கவனக்குறைவு இருந்தது என்று நிரூபிக்க முடியாது என்கிறது. அப்படி இல்லையென்றால் உடைந்த படியைச் சரிசெய்யவே எல்லோரும் பயப்படுவார்கள் என்பது அதன் காரணம். நம் நாட்டில் இவ்வளவு வெளிப்படையான பொதுப் பாதுகாப்பு கிடையாது. சமரசப் பேச்சில் சொன்னதைச் சாட்சியமாக்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை வைத்துப் பேசினால் சிவில் வழக்கில் ஓரளவு காப்பு உண்டு. எல்லோரும் படிக்கும் பொதுப் பதிலில் அந்தக் காப்பை எதிர்பார்க்க முடியாது. பொதுவில் குறைவாக, தனியே முழுதாகப் பேசுவது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கும் உணவகங்களின் பத்திரத்தில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, தரவோ கூடாது. நல்ல மனசோடு "ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க எங்களுடையது" என்று எழுதிவிட்டு, பின்னால் உண்மையிலேயே பெரிய செலவு வரும்போது காப்பீடு கைவிரித்தால் அந்தக் குடும்பத்துக்கும் நஷ்டம், கடைக்கும் நஷ்டம். உடம்பு சரியில்லாமல் போனது பற்றிய குறை வந்தால் பதிலுக்கு முன் ஒரு அழைப்பு காப்பீட்டு முகவருக்குப் போக வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதையும் சேர்ந்து கடைசியில் எதுவுமே சொல்லாத பதிலாக முடிந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அது ஏன் எடுபடாது என்பதற்குப் பீட்டர் கிம், டொனால்ட் ஃபெரின் முதலிய ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் விடை தருகின்றன. கணக்காளர் வேலைக்கு வந்த ஒருவர், பழைய வேலையில் வருமான வரிக் கணக்கைத் தப்பாகத் தாக்கல் செய்தார் என்று குற்றம் சாட்டப்படுகிறார். சிலருக்கு அது விதி தெரியாததால் வந்த பிழை என்று காட்டப்பட்டது, வேறு சிலருக்கு வேண்டுமென்றே செய்த மோசடி என்று. 2004-இல் வந்த முடிவு இது: திறமைக் குறைவுதான் குற்றச்சாட்டு என்றால் மன்னிப்புக் கேட்டவர் மேல் நம்பிக்கை அதிகம் மீண்டது. நாணயக் குறைவுதான் குற்றச்சாட்டு என்றால் மறுத்தவர் மேல் நம்பிக்கை அதிகம் மீண்டது. 2007-இல் அவர்கள் மூன்றாவது வழியையும் சோதித்தார்கள்: ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, வாய் திறக்கவில்லை. அது எந்தக் குற்றச்சாட்டிலும் வெல்லவில்லை. திறமை பற்றிய குற்றச்சாட்டில் மறுப்பைப் போலவும், நாணயம் பற்றியதில் மன்னிப்பைப் போலவும், அதாவது இரண்டிலும் மோசமான வழியைப் போலவே வேலை செய்தது.

நம் முதலாளிக்கு இதன் பொருள் தெளிவானது. விமர்சனம் முழுவதற்கும் ஒரே தோரணையில் பதில் சொல்லக் கூடாது. காத்திருந்த நேரம் திறமையைப் பற்றியது, அங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பழைய பிரியாணி என்பது நாணயத்தைப் பற்றியது. அது பொய் என்று சோதித்துத் தெரிந்துகொண்டால் தெளிவாக, சத்தமில்லாமல் மறுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் வருத்தம் சொன்னால், படிப்பவர்கள் அதையும் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வாந்தி விஷயத்தில் மட்டும் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதையும் அதற்காக என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது வாய்மூடி இருப்பதாகாது.

ஆகவே திங்கள் காலை முதலாளி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறார்.

"மாஸ்டர், நேத்து ராத்திரி ரெண்டாவது தேக்சா எத்தனை மணிக்குத் தம் உடைச்சீங்க?"

"ஏழேகால் இருக்கும்ண்ணே. கூட்டம் ஏறிடுச்சு, மூணாவது போடச் சொன்னீங்க. அது எட்டே முக்காலுக்குத்தான் இறங்குச்சு."

"ஏழேகாலுக்கு உடைச்சது எத்தனை மணி வரைக்கும் ஓடுச்சு? அடுப்பு மேலேயே இருந்துச்சா?"

"கீழே இறக்கி வெச்சுத்தான் போட்டோம். மேல இடம் இல்லையே."

சீட்டைப் பார்க்கிறார்: ஆர்டர் 8:12, மேசைக்குப் போனது 8:58. 46 நிமிடம். சனிக்கிழமை மிச்சம் இருந்ததா என்று பார்க்கிறார். அன்று ராத்திரி பத்து மணிக்கே பிரியாணி தீர்ந்துவிட்டது என்று கல்லாக் கணக்கும் இணைய ஆர்டரை நிறுத்திய நேரமும் காட்டுகின்றன. ஆக, பழைய பிரியாணி என்ற குற்றச்சாட்டை மறுக்க அவரிடம் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த மேசைக்குப் போனது மூன்றாவது தேக்சாவிலிருந்தா, கீழே இறக்கி வைத்திருந்த இரண்டாவதின் அடிச்சோறா என்று யாருக்கும் நினைவில்லை. அடுப்பில்லாமல் தரையில் இருந்த தேக்சா எவ்வளவு சூட்டில் இருந்தது என்று அளந்தவர் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வுப் பட்டியல் அசைவ உணவைப் பரிமாறும் வரை 70 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்கிறது. அளவுகோல் இருந்தால்தானே அளப்பது.

இனி எழுதலாம். இப்படி ஒரு பதில்:

"வணக்கம். குழந்தை இப்போது எப்படி இருக்கிறான் என்று அறிய விரும்புகிறேன். நான் இந்தக் கடையின் உரிமையாளர். உங்கள் பதிவைப் படித்ததும் ஞாயிறு இரவுப் பதிவுகளைப் பார்த்தேன். உங்கள் ஆர்டர் மேசைக்கு வர 46 நிமிடம் ஆகியிருக்கிறது. பசித்த குழந்தையோடு அவ்வளவு நேரம் காத்திருந்தது உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், அதற்காக வருந்துகிறேன். இந்த ஞாயிறு முதல், 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் உட்காரும் முன்பே சொல்லிவிடுவோம். சாப்பாட்டில் குறை என்று யார் சொன்னாலும் சப்ளையர் பதில் பேசாமல் தட்டை எடுத்துவிட்டு என்னையோ மேலாளரையோ கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். முந்தின நாள் பிரியாணியை நாங்கள் பரிமாறுவதில்லை, சனிக்கிழமை செய்தது அன்றே தீர்ந்துவிட்டது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போன காரணம் எனக்குத் தெரியவில்லை, தெரியாமல் எதுவும் சொல்ல விரும்பவில்லை. எங்கள் பக்கம் சமையலும் சூடும் எப்படி இருந்தன என்று சோதித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரைப் பார்த்திருந்தால் அவர் சொன்னதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். பில் தொகையை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன், உங்கள் பதிவை மாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. கல்லாவின் எண்ணில் அழைத்து என் பெயரைக் கேளுங்கள், நானே பேசுகிறேன்."

இதில் வருத்தம் இருக்கிறது, அது நடந்தது என்று தெரிந்த ஒன்றுக்கு. "நீங்கள் அப்படி நினைத்தால்", "அசௌகரியம் ஏற்பட்டிருந்தால்" என்ற தொடர்கள் இல்லை. அவற்றில் வரும் "ஆல்" வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று மறைமுகமாகச் சொல்கிறது. "காசு பிடுங்குற கடை" என்பதற்குப் பதிலே இல்லை, அது கருத்து, அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் பெயரோ எண்ணோ, எத்தனை பேர் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்ற விவரமோ இல்லை. கேமராவில் பார்த்தேன் என்றும் எழுதவில்லை. சொன்னால் மிரட்டல்போல் தொனிக்கும். "இது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது" என்ற வக்கீல் வரியும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேலே உள்ள பதிலில் பொறுப்பை ஒப்புக்கொள்ளும் வாக்கியம் எதுவும் இல்லாததால் அந்த வரி புதிதாக எதையும் காப்பாற்றாது. உடம்பு சரியில்லாத குழந்தையைப் பற்றிய பேச்சுக்கு நடுவே அது வந்தால் மற்ற எல்லா வரிகளின் ஈரமும் வற்றிவிடும்.

பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றிய வாக்கியத்தில் எதிர்பார்ப்பு இல்லை என்று சேர்த்திருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. விமர்சனத்தை மாற்றவோ நீக்கவோ பணம், தள்ளுபடி, இலவசச் சாப்பாடு கொடுப்பது கூகுளின் கொள்கைக்கு விரோதம். "நட்சத்திரத்தை மாற்றினால் அடுத்த முறை பிரியாணி எங்கள் செலவு" என்று எழுதும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி பரிகாரத்தை லஞ்சமாக்கிவிடுகிறது. காப்பீடு எடுத்திருப்பவர் பில் தொகையைத் தருவதைப் பற்றிக்கூட முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது. தொகை சிறியது என்பதால் யாரும் ஆட்சேபிக்க வாய்ப்பு குறைவு, ஆனால் மருத்துவச் செலவு பற்றிய வாக்கை இதே காரணத்துக்காகத்தான் பதிலில் தவிர்த்திருக்கிறோம்.

பரிகாரத்தில் எது நம்பவைக்கிறது என்றால், எண்ணும் நாளும் உள்ள பரிகாரம். "தரத்தை மேம்படுத்துவோம்" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. "20 நிமிடத்துக்கு மேல் என்றால் முன்பே சொல்வோம்" என்பதை அடுத்த ஞாயிறே யாரும் போய்ப் பார்க்கலாம். அதனால்தான் அது ஆபத்தும்கூட. எழுதிவிட்டுச் செய்யாவிட்டால் அடுத்த விமர்சனம் இந்தப் பதிலையே மேற்கோள் காட்டும். செய்ய முடியாததை எழுதாமல் இருப்பது நல்லது. ஞாயிறு கூட்டத்தில் நேரம் சொல்ல வாசலில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்த வாக்கியத்தை எழுத வேண்டும்.

வாடிக்கையாளர் அழைக்காமலே போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அழைத்தால் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். "தம்பி, நான் வாதாட வரலை. பையன் எப்படி இருக்கான், என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று தொடங்கும் முதலாளிக்கு, விமர்சனத்தில் இல்லாத தகவல்கள் கிடைக்கும். அன்று மதியம் பையன் வேறெங்கோ சாப்பிட்டதும் கிடைக்கலாம், அதே மேசையில் சாப்பிட்ட பாட்டிக்கும் வயிறு சரியில்லை என்பதும் கிடைக்கலாம். இரண்டாவது கிடைத்தால் விஷயம் வேறு. ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இருவருக்கு, ஒரே ராத்திரியில் உடம்பு சரியில்லை என்றால் சந்தேகம் கடையின் பக்கம் பலமாகச் சாய்கிறது.

அப்போது பொதுவில் எழுதிய பதில் காலாவதியாகிறது. தெரியாது என்று சொன்னது தெரியாமல் இருந்தபோது உண்மை. தெரிந்த பிறகும் அதை அப்படியே நிற்க விடுவது மறைப்பது. கூகுளில் உரிமையாளர் தம் பதிலைத் திருத்த முடியும். நம் கடையில் முதலாளி ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு வெப்பமானி வாங்கி அடுத்த ஞாயிறு தரையில் இறக்கி வைத்த தேக்சாவின் அடியில் குத்திப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறக்கி ஒன்றரை மணி நேரம் கழித்து ஓரத்துச் சோறு 48 டிகிரியில் இருக்கிறது. அது பையனின் வாந்திக்குக் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த ராத்திரி கடை வேலை செய்த முறை சரியில்லை என்பது இப்போது அவருக்குத் தெரியும். காப்பீட்டு முகவரிடமும் வக்கீலிடமும் பேசிவிட்டு, அந்தக் குடும்பத்துக்கு முதலில் தனியே தெரிவித்துவிட்டு, பழைய பதிலுக்குக் கீழே தேதி போட்டு அவர் சேர்க்க வேண்டிய வரிகள் இவை:

"சோதித்ததில், கூட்ட நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய பிரியாணி போதிய சூட்டில் இருக்கவில்லை என்று தெரிந்தது. இப்போது சூடேற்றும் மேசை போட்டிருக்கிறோம், அரை மணிக்கு ஒரு முறை அளந்து எழுதுகிறோம். அந்த நோட்டு கல்லாவில் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவோம்."